ஐம்பது நிறுவனங்கள், ஐம்பது எடைகள்

சந்தை உயர்ந்தது என்று செய்தி வரும் நாளிலேயே பல பங்குகள் விலை இறங்கியிருப்பதைக் காண்கிறோம். இதில் முரண்பாடு ஏதுமில்லை. நிஃப்டி 50 குறியீட்டெண்ணில் ஐம்பது நிறுவனங்கள் இருந்தாலும், அவற்றின் குரல்கள் சமமானவை அல்ல.

நிறுவனர்களின் கைவசமுள்ள பங்குகளை நீக்கிவிட்டு, பொதுமக்களிடையே புழங்கும் பங்குகளின் மதிப்பைக் கொண்டே ஒவ்வொரு நிறுவனத்தின் எடையும் கணிக்கப்படுகிறது. மொத்தச் சந்தை மதிப்பில் ரிலையன்ஸ் முன்னிற்க, 2023 இணைப்புக்குப் பின் நிறுவனர் பங்கே இல்லாத எச்.டி.எஃப்.சி. வங்கி எடையில் அதனை முந்தியது இதனாலேயே. முதல் பத்து நிறுவனங்களே குறியீட்டெண்ணில் பாதிக்கு மேல் இடம்பிடிக்கின்றன.

ஒரு பெருநிறுவனத்தின் எடை 13 விழுக்காடு, ஒரு சிறுநிறுவனத்தின் எடை 0.5 விழுக்காடு எனக் கொள்வோம். பெரியது 10 விழுக்காடு உயர்ந்தால் குறியீட்டெண் 1.3 விழுக்காடு உயரும். அவ்வுயர்வை ஈடுசெய்ய, அத்தகைய சிறுநிறுவனங்கள் 26 ஒருசேர 10 விழுக்காடு சரிய வேண்டும்.

நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் குறியீட்டெண்ணிலும் அதே ஐம்பது நிறுவனங்கள்தாம் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் 2 விழுக்காடு எடை. விலை மாறும்போது இச்சமநிலை குலைவதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அது மீண்டும் சீரமைக்கப்படுகிறது.

சீரமைப்பின் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு லட்சம் ரூபாயில் நிறுவனத்துக்கு 2,000 ரூபாய் வீதம் முதலிடுகிறோம். மூன்று மாதங்களில் ஒன்று 2,600 ரூபாயாகவும், மற்றொன்று 1,400 ரூபாயாகவும் மாறுகின்றன, ஏனையவை மாறவில்லை. சம எடை முறையில் முன்னதில் 600 ரூபாய்க்கு விற்று, பின்னதில் வாங்குவோம். அடுத்து முன்னது 20 விழுக்காடு உயர்ந்து, பின்னது 20 விழுக்காடு சரிந்தால், இவ்விரண்டின் மதிப்பு நம்மிடம் 4,000 ரூபாய். சீரமைக்காதவரிடம் 4,240 ரூபாய். மாறாக, முன்னது சரிந்து பின்னது உயர்ந்தால், நம்மிடம் அதே 4,000. அவரிடம் 3,760 மட்டுமே.

ஆகவே, வென்றவையே தொடர்ந்து வெல்லும் காலத்தில் சம எடை பின்தங்கும். பின்தங்கியவை மீளும் காலத்தில் முந்தும். தொடர்ந்து நலியும் நிறுவனம், குறியீட்டெண்ணிலிருந்து நீக்கப்படும் வரை காலாண்டுதோறும் புதுப் பணத்தை விழுங்கும். அடிக்கடி வாங்கி விற்பதன் செலவும் நிதியின் ஈட்டத்தில் கழியும்.

சம எடை என்பது நடுநிலையும் அன்று. ஒரு துறையில் பத்து நிறுவனங்கள் இருப்பின், அவை எவ்வளவு சிறியவையாயினும் அத்துறைக்கு 20 விழுக்காடு சென்றுவிடும்.

ஏற்றம் பரவலானதா, சிலரால் மட்டும் வந்ததா என்றறிய எளிய வழி உண்டு. ஒரே காலத்துக்கு, ஈவுத்தொகையும் சேர்ந்த இரு குறியீட்டெண்களின் ஈட்டத்தையும் ஒப்பிடுங்கள். சம எடை வெகுவாகப் பின்தங்கியிருந்தால், பெருநிறுவனங்கள் சிலவே சந்தையைத் தூக்கி நிறுத்தியுள்ளன என்று கொள்ளலாம்.