பாக்கிக்கும் வயது உண்டு

மளிகை மொத்த வியாபாரி ஒருவர் சில்லறைக் கடைகளுக்கு 30 நாள் கடனில் சரக்கு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை எடுத்தால், இரண்டு கடைகள் தலா 90,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. வசூலுக்கு முதலில் எங்கே போவது?

மொத்தத் தொகையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதே பாக்கியை பில் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, 90-க்கு மேல் என நான்கு கட்டங்கள் போதும். இதைத்தான் கணக்கர்கள் ஏஜிங் ரிப்போர்ட் என்கிறார்கள்.

முதல் கடையின் 90,000 ரூபாயும் 30 நாளுக்குள் போட்ட பில்கள். கெடு இன்னும் வரவில்லை; இப்போதே போய்க் கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இரண்டாவது கடையில் 50,000 ரூபாய் புதுப் பாக்கி. நடு இரண்டு கட்டங்களும் காலி. 90 நாளுக்கு மேல் 40,000 ரூபாய், அதுவும் ஒரே பில். அதற்குப் பின் போன பில்களுக்கெல்லாம் பணம் ஒழுங்காக வந்திருக்கிறது. ஆக, அங்கே பணமுடை இல்லை. அந்த ஒரு பில்லில்தான் ஏதோ தகராறு. நனைந்த பருப்பு மூட்டைகளை அவர் திருப்பி அனுப்பியிருக்கலாம், அதற்கு கிரெடிட் நோட் போடாமல் விட்டுப்போயிருக்கலாம். "எப்போது தருவீங்க?" என்பதைவிட, "அண்ணாச்சி, அந்த பில்லில் என்ன பிரச்சினை?" என்று கேட்டால்தான் காரியம் நடக்கும்.

நான்கு கட்டங்களிலும் பாக்கி இருந்து, மாதாமாதம் பழைய கட்டங்களில் தொகை ஏறிக்கொண்டே போனால் கதை வேறு. அந்தக் கடையில் பணம் புரளவில்லை. புதுச் சரக்கை ரொக்கத்துக்கு மட்டும் கொடுத்து, பழைய பாக்கிக்கு வாரத் தவணை பேசிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சரியாக வர, வரவுகளை அந்தந்த பில்லில் கழித்திருக்க வேண்டும். கடைக்காரர் 25,000 ரூபாயைக் கொடுத்து, "கணக்கில் வச்சுக்கோங்க" என்பார். டேலியில் அதை எந்த பில்லுக்கும் சேர்க்காமல் 'On Account' என்று பதிந்தால், அவர் அடைத்த பில்லும் நிலுவை போலவே தெரியும். ஒரே கடையின் பெயரில் பழைய பில்லும் பில்லோடு சேராத வரவும் சேர்ந்து நின்றால், போனை எடுப்பதற்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

150 நாளைத் தாண்டிய பில்களைத் தனியாகக் குறித்து வைப்பது உதவும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராத கடைக்காரர், ஜிஎஸ்டி-யில் அந்த பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் அவரே பணத்தைப் புரட்டப் பார்ப்பார். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைகள் உள்ளீட்டு வரி எடுப்பதில்லை என்பதால் அவர்களிடம் இந்தப் பேச்சு எடுபடாது. அவர்களிடம் பாக்கித் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கலாம். வழக்குப் போடுவதற்கான 3 ஆண்டுக் கெடு முடிவதற்குள் வாங்கினால், கையெழுத்திட்ட நாளிலிருந்து அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும்.