ஷார்ட் அடித்தவரின் நஷ்டத்துக்கு ஓர் உச்சவரம்பு

2008 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. பங்குச் சந்தைக்கு விடுமுறை. அன்று போர்ஷே நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஃபோக்ஸ்வேகன் கார் நிறுவனத்தின் சாதாரணப் பங்குகளில் 42.6 சதவிகிதம் தன்னிடம் இருப்பதாகவும், மேலும் 31.5 சதவிகிதப் பங்குகளுக்கு ஆப்ஷன் வைத்திருப்பதாகவும் அதில் சொன்னது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் ஏற்கெனவே சுமார் 20 சதவிகிதம் இருந்தது. மூன்றையும் கழித்தால், சந்தையில் விலைக்குக் கிடைக்கக்கூடிய பங்கு ஏறத்தாழ 6 சதவிகிதம்தான். ஷார்ட் அடித்திருந்தவர்கள் திருப்பித் தரவேண்டிய பங்குகளோ அதைவிட அதிகம்.

ஷார்ட் அடிப்பது என்றால், கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்பது. விலை இறங்கியதும் குறைந்த விலையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் இடைவெளி லாபம். ஃபோக்ஸ்வேகன் பங்கின் விலை நிறுவனத்தின் மதிப்புக்குப் பொருந்தாத உயரத்தில் இருக்கிறது, இறங்கியே தீரும் என்று பல ஹெட்ஜ் ஃபண்டுகள் கணக்குப் போட்டிருந்தன. வெள்ளிக்கிழமை சுமார் 210 யூரோவில் முடிந்த பங்கு, திங்கட்கிழமை 520-இல் முடிந்தது. செவ்வாயன்று ஒரு கட்டத்தில் 1,000 யூரோவைத் தாண்டியது. அந்தச் சில மணி நேரம் உலகிலேயே சந்தை மதிப்பு மிகுந்த நிறுவனம் ஃபோக்ஸ்வேகன்தான். விலை ஏறியதால் ஷார்ட் அடித்தவர்கள் பதறி வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதாலேயே விலை இன்னும் ஏறியது. இதைத்தான் ஷார்ட் ஸ்குவீஸ் என்கிறார்கள்.

பங்கை வாங்கியவருக்கு அதிகபட்ச நஷ்டம் போட்ட பணம் முழுவதும். அதற்கு மேல் போக வழியில்லை. ஷார்ட் அடித்தவருக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. விலை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் நஷ்டம்.

“ஸ்டாப் லாஸ் போட்டிருக்கலாமே” என்று உடனே கேட்கத் தோன்றும். 240 யூரோவைத் தொட்டால் வாங்கி முடித்துவிடு என்று ஆர்டர் போட்டிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். செய்தி வந்தது விடுமுறை நாளில். திங்கட்கிழமை வர்த்தகம் தொடங்கும்போதே விலை 240-ஐ வெகுவாகத் தாண்டியிருந்தது. ஸ்டாப் லாஸ் என்பது அந்த விலைக்கு வாங்கித் தருவதாக யாரும் தந்த உத்தரவாதம் அல்ல. அந்த விலை வந்ததும் கிடைக்கிற விலைக்கு வாங்கு என்ற கட்டளை மட்டுமே. நடுவில் விலையே இல்லாமல் தாவிவிட்டால், தாவி நின்ற இடத்தில்தான் வாங்க நேரும்.

கால் ஆப்ஷன் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை அது. அந்த விலைக்கு ஸ்டிரைக் விலை என்று பெயர். உரிமைக்காகக் கொடுக்கும் பணம் பிரீமியம். சந்தை எத்தனை உயரத்துக்குத் தாவினாலும், ஸ்டிரைக் விலைக்குப் பங்கைக் கொடுக்க எதிர்த் தரப்பு கடமைப்பட்டிருக்கிறது. ஷார்ட் அடித்த அதே எண்ணிக்கைக்குக் கால் வாங்கிவைத்தால் அதற்குப் புரொடெக்டிவ் கால் என்று பெயர்.

ஃபோக்ஸ்வேகன் விலைகளை வைத்தே கணக்குப் போடலாம். பிரீமியம் மட்டும் கணக்கு எளிதாக இருப்பதற்காக நானே வைத்துக்கொண்ட தொகை. ஒருவர் 210 யூரோவில் 100 பங்குகளை ஷார்ட் அடிக்கிறார். கூடவே 240 ஸ்டிரைக் உள்ள கால் ஆப்ஷனை, பங்குக்கு 15 யூரோ பிரீமியம் கொடுத்து, 100 பங்குக்கு வாங்குகிறார்.

விலை 520 ஆகிறது. ஷார்ட்டில் பங்குக்கு 310 யூரோ நஷ்டம். 240-க்கு வாங்கும் உரிமையின் மதிப்பு 280. மீதி நஷ்டம் 30. கொடுத்த பிரீமியம் 15-ஐச் சேர்த்தால் 45. விலை 1,000 ஆனாலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதே 45தான் வரும். 100 பங்குக்கு 4,500 யூரோ. கால் வாங்காதவருக்கு அந்த உச்சத்தில் 79,000 யூரோ நஷ்டம்.

இந்தப் பாதுகாப்பு சும்மா வருவதில்லை. விலை இறங்கும் என்ற கணிப்பு சரியாகி, பங்கு 150-க்கு வந்தால் ஷார்ட்டில் லாபம் 60. ஆனால் பிரீமியம் போக 45தான் கையில் நிற்கும். விலை 195-க்குக் கீழே போனால்தான் லாபமே தொடங்கும். 210-லேயே அசையாமல் கிடந்தால் 15 யூரோவும் போனதுதான்.

அதற்குப் பதிலாக, விலை இறங்கினால் லாபம் தரும் புட் ஆப்ஷனை நேரடியாக வாங்கினால் என்ன என்று கேட்பது நியாயமே. ஷார்ட்டும் காலும் சேர்ந்தால் கிடைக்கும் லாப நஷ்ட வடிவம், அதே ஸ்டிரைக் விலையில் ஒரு புட் வாங்கியதற்குச் சமம்தான். இனிமேல்தான் இறங்கப் போகிறவர் இரண்டையும் ஒப்பிட்டு மலிவானதை எடுக்கலாம். ஏற்கெனவே ஷார்ட்டில் நிற்பவருக்கோ, அதைக் கலைக்காமல் காப்பாற்றிக்கொள்ளக் கால்தான் நேர்வழி.

கால் வாங்கியவருக்குக் கிடைக்கும் பெரிய பலன் அவசரம் இல்லாமை என்பேன். புதன்கிழமை போர்ஷே தன் ஆப்ஷன்களில் ஒரு பகுதியை முடித்துக்கொள்ள முன்வந்ததும் ஃபோக்ஸ்வேகன் பங்கு 500 யூரோ அளவுக்குச் சரிந்தது. செவ்வாயன்று மார்ஜின் கட்ட முடியாமல் 900-க்கு மேல் வாங்கி வெளியேறியவருக்கு அந்தச் சரிவால் எந்தப் பயனும் இல்லை. கடன் கொடுத்தவர் பங்கைத் திடீரென்று திரும்பக் கேட்டாலும், சந்தையில் கிடைக்காத பங்கைக் கால் உரிமையைப் பயன்படுத்திப் பெற்றுக் கொடுத்துவிடலாம்.

இந்த ஏற்பாடு தோற்பது பெரும்பாலும் காலக்கெடுவில்தான். ஷார்ட்டுக்கு முடிவு தேதி இல்லை, காலுக்கு உண்டு. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் முடிந்துபோன கால், 26-ஆம் தேதி அறிவிப்புக்கு உதவியிருக்காது. மாதாமாதம் புதுக் கால் வாங்கிக்கொண்டே போனால் பிரீமியம் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். விலை ஏறத் தொடங்கிய பிறகு வாங்கலாம் என்று காத்திருந்தால், பரபரப்பில் பிரீமியமே பல மடங்காகிவிடும். ஆகவே ஷார்ட் அடிக்கும் அன்றே, விலை எத்தனை நாளில் இறங்கும் என்று நினைக்கிறாரோ அதைவிடத் தள்ளிய தேதிக்கு வாங்குவதுதான் பொருத்தம். அந்தச் செலவைச் சேர்த்துப் பார்க்கும்போது லாபம் மிஞ்சாது என்றால், அந்த ஷார்ட்டைத் தொடாமல் விடுவதே சரி.

இந்தியாவில் சாதாரண முதலீட்டாளர் பங்குகளைக் கடன் வாங்காமல் ஷார்ட் அடித்தால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். நாள் தாண்டி வைத்திருக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பியூச்சர்ஸை விற்று, அதே லாட் அளவுக்குக் கால் வாங்குகிறார்கள். இங்கே ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. பியூச்சர்ஸ் நஷ்டம் தினமும் ரொக்கமாகக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். கால் ஆப்ஷனில் ஏறியிருக்கும் லாபமோ, அதை விற்கும்வரை ரொக்கமாகக் கைக்கு வராது. கணக்குப்படி நஷ்டத்துக்கு உச்சவரம்பு இருந்தும், நடுவில் கட்டப் பணம் இல்லாவிட்டால் புரோக்கர் பியூச்சர்ஸை முடித்துவிடலாம். ஸ்டிரைக் விலைக்கு மேலே விலை எவ்வளவு தூரம் ஓடினாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தனியாக ரொக்கம் வேண்டும். எக்ஸ்பைரி வரை விட்டால் பங்குப் பரிமாற்றமே நடக்கும் என்பதால், டெலிவரி கொடுக்கப் பங்கு இல்லாதவர் பியூச்சர்ஸ், கால் இரண்டையும் எக்ஸ்பைரிக்கு முன்பே சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் முடித்தால் மற்றது தனியாக நிற்கும்.