மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியது?

சுவிட்சைத் தட்டியதும் மின்விசிறி விறுவிறுவென்று கிளம்புகிறது. வேகம் ஏற ஏற காற்றின் தடையும் கூடுவதால், அதன் கோண முடுக்கம் தேய்ந்து கடைசியில் பூஜ்யமாகிறது. அந்தத் தேய்வை எளிமையாக α = 8 − t என்று வைத்துக்கொள்வோம். t நொடியில், கோணம் ரேடியனில்.

ஒருமுறை தொகையிட்டால் கோணத் திசைவேகம் கிடைக்கும்: ω = 8t − t²/2. விசிறி ஓய்விலிருந்து கிளம்பியதால் தொகையீட்டு மாறிலி பூஜ்யம். 8 ஆம் நொடியில் ω = 32; நிமிடத்துக்குச் சுமார் 306 சுற்று. வீட்டு விசிறிகளின் முழுவேகம் ஏறத்தாழ இதுதான்.

மறுபடியும் தொகையிட்டால் திரும்பிய கோணம்: θ = 4t² − t³/6. 8 நொடியில் 170.7 ரேடியன். ஒரு சுற்றுக்கு 6.28 ரேடியன் என்பதால், 27 சுற்றுக்குச் சற்று மேல்.

வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சராசரி முடுக்கம் 4 என்று எடுத்து, மாறாத முடுக்கத்துக்கான சூத்திரத்தில் போட்டால் வேகம் சரியாக 32 வரும். அதனால் சந்தேகமே எழாது. கோணமோ 128 ரேடியன், வெறும் 20 சுற்று! விசிறி தொடக்கத்திலேயே வேகம் பிடித்துவிட்டதைச் சராசரி மறைத்துவிடுகிறது.

8 நொடிக்குப் பின் இந்தச் சமன்பாட்டை நீட்டக் கூடாது. நீட்டினால், சீராக ஓடும் விசிறி வேகம் குறைவதாகக் காட்டும்.