பழைய கணக்கிற்குச் செல்லும் சம்பளம்

திருவண்ணாமலைச் சங்க ஊழியர் ஒருவர் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கிய பின்னும், அவருடைய சம்பளம் பழைய கணக்கிலேயே சேர்வதுண்டு. இதற்குக் காரணம் எளியது. நெஃப்ட் முறையில் அனுப்பும் பணம், சம்பளப் பட்டியலில் எழுதியுள்ள கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொண்டே சேருகிறது. புதிய வங்கி இம்மாறுதலைத் தானாகச் சங்கத்திற்கு அறிவிப்பதில்லை.

மாதம் 25ஆம் தேதி பட்டியல் முடிந்து, ஊழியர் 27ஆம் தேதி மனுக் கொடுத்தார் என்று கொள்வோம். அம்மாதச் சம்பளம் பழைய கணக்கிற்கே போகும். அக்கணக்கு திறந்திருந்தால் பணத்தை அங்கிருந்தே எடுத்துக் கொள்ளலாம். மூடப்பட்டிருந்தால் பணம் சங்கக் கணக்கிற்குத் திரும்பும். மீண்டும் அனுப்பும் வரை ஊழியர் காத்திருக்க வேண்டும். ஆகவே, புதிய பாஸ் புத்தகத்தில் முதற் சம்பளம் பதிவாகும் வரை பழைய கணக்கை மூடலாகாது.

மனுவைக் கையொப்பமிட்டு, பாஸ் புத்தக முதற் பக்கத்தின் நகலுடன் நேரில் கொடுப்பதே உத்தமம். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வரும் கோரிக்கை ஊழியரின் பெயரில் ஒரு மோசக்காரன் அனுப்பியதாகவும் இருக்கலாம். அத்தகைய கோரிக்கை வந்தால், காரியதரிசி அதில் கண்ட எண்ணை நம்பாது, பதிவேட்டிலுள்ள எண்ணில் ஊழியரை அழைத்துக் கேட்ட பின்னரே பட்டியலைத் திருத்துதல் வேண்டும். திருத்திய எண்ணை ஊழியரும் ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் கையொப்பமிடுக. ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் பணம் பிறர் கணக்கில் விழக்கூடும்.