குறைத்துப் போட்ட கண்ணாடி

"அண்ணே, பவரைக் கொஞ்சம் குறைச்சே போடுங்க. முழுசாப் போட்டா கண்ணு அதுக்கே பழகி இன்னும் ஏறிடும்." பிரிக்பீல்ட்ஸ் கண்ணாடிக் கடையானாலும் கிள்ளான் கடையானாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பிள்ளைக்கு மைனஸ் 2, நம் பேச்சில் இருநூறு, என்றால் 125க்குக் கண்ணாடி போடச் சொல்வார்கள்.

இந்த நம்பிக்கையைக் கோலாலம்பூரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 9 முதல் 14 வயதுள்ள 94 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முழுப் பவர், மீதிப் பேருக்கு 75 போலக் குறைத்த பவர். இரண்டு ஆண்டுகளில் முழுக் கண்ணாடி போட்டவர்களுக்குச் சராசரியாக 77 ஏறியது. குறைத்துப் போட்டவர்களுக்கு 100. முடிவு 2002இல் வெளியானது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லைதான். ஆனாலும் குறைத்துப் போடுவது பலன் தரும் என்று உறுதியாகக் காட்டியவர் யாரும் இல்லை.

பவரை ஏற்றுவது கண்ணாடி அல்ல, விழியின் நீளம். பிள்ளை வளர வளர விழியும் நீள்கிறது. அளவோடு நிற்காமல் நீண்டுகொண்டே போனால், தூரத்துக் காட்சி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடினால் 250 அளவுக்கு ஏறும். நீண்ட விழி திரும்பச் சுருங்காது. அதனால் பவரும் இறங்காது; சீக்கிரம் கண்ணாடி போட்ட பிள்ளைக்கோ அது ஏற நிறைய ஆண்டுகள் இருக்கின்றன.

விழியின் நீளத்தை எது அடக்குகிறது? சிங்கப்பூரிலும் சிட்னியிலும் 6, 7 வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29 விழுக்காடு, சிட்னியில் 3. இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தாம் அதிகம் படித்தவர்கள்! பெரிய வித்தியாசம், அவர்கள் வாரத்துக்கு 14 மணி நேரம் போல வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 3 மணி நேரம். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். திடலில் அது பல ஆயிரம். மர நிழலில்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சத்தில் விழித்திரை டோபமைனைச் சுரக்கிறது, அது நீட்சியைத் தடுக்கிறது என்பதே இப்போதைய விளக்கம். ஆகவே நண்பகல் வெயிலில் பிள்ளையை வாட்ட வேண்டாம், நிழலில் ஓடி ஆடினாலே போதும். ஒரு வரம்பு உண்டு: வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் கெட்டி; வந்த பிறகு அதன் பிடி தளர்ந்துவிடுகிறது.

அங்கேதான் அட்ரோபின் சொட்டு வருகிறது. இரவில் படுக்கும் முன் கண்ணுக்கு ஒரு சொட்டு. ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆய்வில், முதல் ஆண்டில் 0.05 விழுக்காட்டுச் சொட்டு பவர் ஏறும் வேகத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது, 0.01 கால் பங்கு போலத்தான். அமெரிக்க ஆய்வு ஒன்றில் 0.01 மருந்தில்லாத வெறும் சொட்டைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. அளவு கூடினால் கண்பாப்பா விரியும், வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த பவர் எகிறவும் கூடும். எனவே தொடங்குவதும் நிறுத்துவதும் கண் மருத்துவர் கையில், ஆறு மாதத்துக்கொரு முறை விழியின் நீளத்தை அளந்து பார்த்து.