பேடில் வைத்தும் சார்ஜ் ஏறவில்லையா?

மே மாத மதியம், சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறீர்கள். கியருக்கு முன்னால் இருக்கும் வயர்லெஸ் பேடில் போன் கிடக்கிறது. மேப் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு ஆட்டோ வயர் இல்லாமலே இணைந்திருக்கிறது. விழுப்புரம் தாண்டி எடுத்துப் பார்த்தால் போன் கொதிக்கிறது, சார்ஜ் ஏறவே இல்லை. பேடு கெட்டுவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் பேடு நன்றாகத்தான் இருக்கும்.

பேடுக்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. போனின் முதுகுப்புறமும் ஒன்று உண்டு. கீழ்ச்சுருள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம் மேல்சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இந்தப் பரிமாற்றத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். பேடு 10 வாட் எடுத்து 7 வாட் பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தால், மீதி 3 வாட் பேடையும் போனையும் சூடாக்கும். இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இல்லாவிட்டால் வீணாவது இன்னும் கூடும். மேப்பும் வயர்லெஸ் இணைப்பும் தம் பங்குக்குச் சூட்டைச் சேர்க்கின்றன. ஐபோனை 35 டிகிரிக்கு மேல் வெப்பமான இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். வெயிலில் நிறுத்திய கார் அதை எளிதாகத் தாண்டிவிடும். சூடு மிஞ்சினால் பேட்டரியைக் காக்க போன் தானே சார்ஜைக் குறைக்கும், அல்லது நிறுத்திவிடும்.

வைக்கும் இடம்தான் முதல் தீர்வு. பெரும்பாலான போன்களில் சுருள் முதுகின் நடுவில் இருக்கும். பெரிய போன் தட்டின் விளிம்பில் முட்டி நின்றால், அதன் நடுப்பகுதி பேடின் சுருளிலிருந்து விலகிவிடும். கேமரா மேடு ஒரு பக்கத்தைத் தூக்கினாலும் இடைவெளி விழும். கார் நிற்கும்போது, திரை மேலே தெரியும்படி வைத்துப் போனை மெல்ல நகர்த்துங்கள். சார்ஜ் குறி வந்து அணையாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவில் போன் நழுவினால் அந்த இடம் மாறிவிடும் என்பதால், வழுக்காத உறை உதவும். க்யூஐ2 பேடும் அதற்கேற்ற போனும் இருந்தால் இந்தத் தேடல் வேண்டாம். காந்தங்களே போனைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது குறுக்கே இருப்பவை. தடித்த உறை சுருள்களைப் பிரிக்கும். காந்த ஸ்டாண்டுக்காக முதுகில் ஒட்டும் இரும்புத் தகடு, விரல் வளையம், நாணயம், சாவி எல்லாமே காந்தப்புலத்தில் சூடாகும். உலோகம் இருப்பதை உணர்ந்தால் பேடு சார்ஜை நிறுத்திவிடும். வங்கி அட்டையை உறைக்குள் செருகி வைத்தால் அதுவே பழுதாகலாம். சாவி இல்லாமல் திறக்கும் கார்களில், கார் தன் சாவியைத் தேடும் நொடிகளில் சார்ஜ் சற்றே நின்று தொடர்வது உண்டு. அது பழுது அல்ல.

உறையைக் கழற்றி வைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் குற்றம் உறையில். அப்படியும் சுட்டால் ஏசிக் காற்றைப் பேடு பக்கம் திருப்புங்கள். மேப் போட்டபடி நெடுந்தூரம் போகும் நாளில் கேபிளே நல்லது, அது போனை இவ்வளவு சூடாக்காது. ஊருக்குள் போய்வரும் சிறு ஓட்டங்களுக்குப் பேடு போதும்.