வெயிலில் வெளுத்த நெற்றி

உச்சி வெயிலில் எடுத்த படம். மாப்பிள்ளையின் நெற்றியிலும் இடது கன்னத்திலும் வெள்ளைத் திட்டு. பார்த்தவுடன் "ஓவர் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்பார்கள். அப்படி முடிவுகட்டுமுன் ஃபோட்டோஷாப்பில் Info பலகையைத் திறந்து, அந்தத் திட்டின் மேல் கர்சரை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கும். ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றின் உச்சமும் 255. மனிதத் தோலில் சிவப்பே அதிகம் என்பதால் முதலில் முட்டி நிற்பதும் சிவப்புதான். நம் மாப்பிள்ளையின் நெற்றியில் 255, 241, 212 என்று வருகிறது. சிவப்பு போய்விட்டது, பச்சையில் இன்னும் உயிர் இருக்கிறது. Channels பலகையில் பச்சையை மட்டும் தட்டிப் பார்த்தால், நெற்றிச் சுருக்கம்கூடக் கருப்பு வெள்ளையில் தெரியும்.

அந்தப் பச்சைச் சேனலை அப்படியே நகலெடுத்து, படத்தின் மேல் புது லேயராக ஒட்டி, Luminosity முறைக்கு மாற்றுங்கள். முகம் முழுக்கக் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். லேயரைக் கறுப்பு மாஸ்க்கால் மறைத்துவிட்டு, மென்மையான வெள்ளைத் தூரிகையால், 20 சதவீத அழுத்தத்தில், திட்டின் மேல் மட்டும் மெல்ல மெல்லத் தடவினால் விவரம் மேலே வரும். வெளுத்த இடம் சற்று மஞ்சளடித்திருக்கும். பக்கத்துத் தோலிலிருந்து நிறத்தை எடுத்து, Color முறையிலுள்ள இன்னொரு லேயரில் லேசாகப் பூசினால் சரியாகிவிடும்.

கன்னத்தின் நடுவிலோ 255, 255, 255. அங்கே மீட்க எதுவுமே இல்லை. Highlights பட்டியை எவ்வளவு இழுத்தாலும், விபூதி பூசியதுபோல் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். திட்டின் ஓரத்து நிறத்தை 10 சதவீத அழுத்தத்தில் அடுக்கடுக்காகப் பூசி, மறு கன்னத்தின் துவாரங்களை ஹீலிங் பிரஷ்ஷால் கொண்டுவந்து வைக்கலாம். இது மீட்பதல்ல, வரைவது. மினுமினுப்பில் கொஞ்சத்தை விட்டுவைத்தால்தான் முகம் களிமண் பொம்மை ஆகாமல் இருக்கும்.

இத்தனை பாடும் கையில் ஜேபெக் மட்டும் இருந்தால்தான். கேமரா ரா கோப்பையும் சேமித்திருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். கேமரா திரையில் மின்னிக் காட்டும் எச்சரிக்கை ஜேபெக் கணக்கில் வருவது. ரா கோப்பில் பெரும்பாலும் அதற்கு மேலும் கொஞ்சம் ஒளி பதிவாகியிருக்கும். Exposure அளவைச் சற்றுக் குறைத்து, Highlights பட்டியை இடப்பக்கம் இழுத்தாலே பல நெற்றிகள் திரும்பி வந்துவிடும். ஆகவே, ஸ்டுடியோக்காரர் மெமரி கார்டை அழிக்குமுன் ரா கோப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.